முதலை எடுத்தாச்சா?

"போட்ட காசை எடுத்துட்டேன் சார். இனிமே இருக்கிறதெல்லாம் லாபம்தான்."

பிட்காயின் விலை ஏறும் மாதங்களில் அதை வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் வார்த்தை இது. சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. 48,000 ரூபாய் போட்டார், கொஞ்சம் விற்றதில் 48,000 ரூபாய் வங்கிக்கு வந்துவிட்டது. மீதிக் காயின் இலவசமாகக் கிடைத்தது போல ஒரு நிம்மதி. ஆனால் அதே மனிதர் ஜூலையில் வருமான வரிப் படிவத்தைத் திறக்கும்போது, அவர் விற்றதில் 39,000 ரூபாய் லாபம் பார்த்திருக்கிறார் என்றும், அதற்குப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வரி கட்ட வேண்டும் என்றும் தெரியவரும். முதலைத்தானே எடுத்தேன், லாபத்தை நான் இன்னும் தொடவே இல்லையே என்று அவர் கேட்டால் அதற்கு வரித்துறையில் பதில் இல்லை.

ஒரே நாளில் மொத்தமாக வாங்கி வேறொரு நாளில் மொத்தமாக விற்பவருக்கு இந்தச் சிக்கல் வராது. விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் வேலை முடிந்தது. மாதாமாதம் சம்பளம் வந்ததும் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு வாங்கி வருடக்கணக்கில் சேர்ப்பவர்களுக்குத்தான் தலைவலி. இவர்கள் பெரும்பாலும் ஸ்பாட் சந்தையில் வாங்குபவர்கள். அதாவது கடன், ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பணம் கொடுத்ததும் காயினைத் தங்கள் பெயரில் வாங்கிக்கொள்பவர்கள். மூன்று வருடம் இப்படி வாங்கினால் முப்பத்தாறு விலைகளில் வாங்கிய காயின்கள் ஒரே குவியலாகக் கிடக்கும். அதிலிருந்து ஒரு துண்டை விற்கும்போது, விற்றது எந்த விலையில் வாங்கிய காயின் என்ற கேள்வி எழுகிறது. கைக்கு வந்த லாபம் எவ்வளவு, இன்னும் கைக்கு வராமல் விலையில் மட்டும் தெரியும் லாபம் எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தவை.

ஆப்களில் இவற்றை ரியலைஸ்டு, அன்ரியலைஸ்டு என்று போட்டிருப்பார்கள். விற்று முடித்த பங்கின் லாபம் முதலாவது. இன்றைய விலைக்கு விற்றால் கிடைக்கக்கூடியது இரண்டாவது. முதலாவதை இனி யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது நாளை காலையில் வேறு எண்ணாக இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆள் கற்பனை. விலைகள் அந்தந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்ததை ஒட்டி வட்டமாக்கியவை. எளிமைக்காக நான்கே கொள்முதல்கள், ஒவ்வொன்றும் 12,000 ரூபாய்க்கு. 2023 ஜனவரியில் ஒரு பிட்காயின் 15 லட்சமாக இருந்தபோது 0.008 கிடைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் 20 லட்சத்துக்கு 0.006. நவம்பரில் 30 லட்சத்துக்கு 0.004. 2024 மார்ச்சில் 60 லட்சத்துக்கு 0.002. ஆக 48,000 ரூபாய்க்கு 0.020 பிட்காயின்.

சராசரி விலை என்ன? 15, 20, 30, 60 ஆகிய நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 31.25 லட்சம் வரும். அது தவறு. மொத்த ரூபாயை மொத்தக் காயினால் வகுக்க வேண்டும். 48,000 ரூபாயை 0.020ஆல் வகுத்தால் 24 லட்சம்தான். ஒவ்வொரு முறையும் ஒரே தொகைக்கு வாங்குகிறவருக்கு, விலை குறைந்தபோது அதிகக் காயினும் ஏறியபோது குறைந்த காயினும் கிடைப்பதால் உண்மையான சராசரி எப்போதும் கீழே இருக்கும். விலைகளைக் கூட்டி வகுத்துவிட்டு, நஷ்டத்தில் இருக்கிறோம் என்று பயந்து விற்றவர்களும் உண்டு. 28 லட்சத்தில் விலை நிற்கும்போது ஒரு கணக்கு நஷ்டம் காட்டும், இன்னொன்று லாபம் காட்டும்.

இப்போது விற்பனைக்கு வருவோம். 2024 டிசம்பரில் விலை 80 லட்சம். நம் ஆள் 0.006 விற்கிறார். கையில் 48,000 ரூபாய். போட்டதும் எடுத்ததும் சரியாகப் போயிற்று. மீதி 0.014 இருக்கிறது. அன்றைய விலையில் அதன் மதிப்பு 1,12,000 ரூபாய்.

அவருடைய மனக்கணக்கு இப்படிப் போகும்: கைக்கு வந்த லாபம் பூஜ்யம், மீதிக் காயினின் அடக்கவிலையும் பூஜ்யம், எனவே 1,12,000 முழுவதும் வராத லாபம். சில ஆப்களும் இதே போக்கில், விற்ற பணத்தை முதலீட்டிலிருந்து கழித்துக்கொண்டே போகும். இன்னும் கொஞ்சம் விற்றால் முதலீடு மைனஸில் இறங்கும், லாப விகிதத்துக்கு அர்த்தமே இருக்காது.

சராசரி முறையில் பார்ப்பவர் வேறு விதமாகச் சொல்வார். விற்ற 0.006இன் அடக்கம் 24 லட்சம் வீதம் 14,400. எனவே கைக்கு வந்த லாபம் 33,600. மீதி 0.014இன் அடக்கம் 33,600, வராத லாபம் 78,400. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்ற பிறகும் மீதிக் காயினின் சராசரி 24 லட்சமாகவே நிற்கிறது. இந்த முறையில் விற்பது சராசரியை மாற்றாது, வாங்குவது மட்டுமே மாற்றும். விற்ற மறுநாள் உங்கள் அட்டவணையில் சராசரி விலை நகர்ந்திருந்தால் எங்கோ சூத்திரம் தவறியிருக்கிறது.

மூன்றாவது முறை, மளிகைக்கடைக்காரர் பழைய மூட்டையை முதலில் பிரிப்பது போன்றது. முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்வது. விற்ற 0.006 முழுவதும் 15 லட்சத்துக்கு வாங்கிய ஜனவரிக் காயின். அடக்கம் 9,000 ரூபாய், கைக்கு வந்த லாபம் 39,000. மீதி இருப்பது ஜனவரியில் மிஞ்சிய 0.002, அதற்கு 3,000 ரூபாய். மற்ற மூன்று கொள்முதல்களும் முழுதாக இருக்கின்றன, அவற்றுக்கு 36,000. ஆக மீதியின் அடக்கம் 39,000, வராத லாபம் 73,000. லாபமும் மீதி அடக்கமும் ஒரே எண்ணாக வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். போட்ட பணமும் எடுத்த பணமும் சமமாக அமைந்ததால் வந்த தற்செயல் அது.

இனி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். பூஜ்யமும் 1,12,000மும். 33,600மும் 78,400மும். 39,000மும் 73,000மும். மூன்றுக்கும் கூட்டுத்தொகை 1,12,000தான். எந்த முறையில் கணக்கிட்டாலும் மொத்த லாபம் ஒரு ரூபாய்கூடக் கூடாது, குறையாது. பணம் வந்ததும் போனதும் உண்மை, காயின் இருப்பதும் உண்மை, இன்றைய விலையும் உண்மை. முறை மாறும்போது மாறுவது, இந்த மொத்தத்தை வந்தது, வராதது என்று எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பது மட்டுமே. ஆகவே உங்கள் ஆப் காட்டும் இரண்டு எண்களும் நண்பரின் ஆப் காட்டுவதும் வேறுபட்டால் உடனே பதற வேண்டியதில்லை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகையும் வேறுபட்டால்தான் பிழை இருக்கிறது.

அப்படியானால் எங்கே வெட்டினால் என்ன என்று கேட்கலாம். வரி மட்டும் இல்லையென்றால் ஒன்றுமில்லை. ஆனால் வரி, வெட்டிய முதல் துண்டின் மேல்தான் விழுகிறது.

2022 பிப்ரவரி பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தபடி, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்பனை லாபத்துக்கு 30 சதவீத வரி. அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்ந்தால் 31.2. எத்தனை வருடம் வைத்திருந்தாலும் விகிதம் மாறாது. பங்குகளைப் போல நீண்டகாலம் வைத்திருந்ததற்கான சலுகை எதுவும் இல்லை. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. எந்த வரிசையில் காயினைக் கழிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு தனியாகச் சொல்லவில்லை. டீமேட் பங்குகளுக்கு முதலில் வாங்கியது முதலில் போனதாகக் கொள்ள வேண்டும் என்று சட்டத்திலேயே இருப்பதால், அதை ஒட்டி கிரிப்டோவுக்கும் அதே முறையைப் பின்பற்றுகிறவர்கள் அதிகம். எதை எடுத்தாலும் வருடத்துக்கு வருடம் மாற்றாமல் இருப்பது முக்கியம். ஒரு வருடம் சராசரி, அடுத்த வருடம் பழைய மூட்டை என்று தாவினால், ஒரே காயினின் அடக்கவிலையை இரண்டு முறை கழித்ததாக முடியலாம்.

நம் ஆளின் 39,000 ரூபாய்க்கு வரி 12,168. ஆக அவர் கையில் உண்மையில் மிஞ்சுவது 35,832 ரூபாய். முதல் திரும்பி வரவில்லை, பன்னிரண்டாயிரம் குறைகிறது. வரி போகச் சரியாக 48,000 கையில் நிற்க வேண்டுமென்றால் அதே 80 லட்சம் விலையில் அவர் சுமார் 0.00804 விற்றிருக்க வேண்டும். 0.006ஐவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். 'முதலை எடுக்கிறேன்' என்று திட்டமிடுகிறவர்கள் விற்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு இதுதான். விற்ற பிறகு போட்டால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். 2022 ஜூலை 1இலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. 48,000க்கு 480 ரூபாய். வங்கிக்கு வந்தது 47,520 என்று பார்த்து அதையே விற்ற தொகையாக எழுதிவிடக் கூடாது. விற்ற தொகை 48,000தான். 480 என்பது செலவும் அல்ல, நஷ்டமும் அல்ல. உங்கள் பெயரில் முன்கூட்டியே கட்டப்பட்ட வரி அது. 26ஏஎஸ் அறிக்கையில் வந்திருக்கிறதா என்று பார்த்து, கட்ட வேண்டிய 12,168இல் கழித்துக்கொள்ளலாம்.

சராசரி முறை போதும், ஒவ்வொரு கொள்முதலையும் தனித்தனியாக வைத்திருப்பது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. மீதமுள்ள 0.014ஐ விலை 40 லட்சத்துக்கு இறங்கியபோது நம் ஆள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது 56,000. அடக்கம் 39,000. லாபம் 17,000 என்றுதான் யாரும் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் ஜனவரி மிச்சத்தில் 5,000 லாபம், மார்ச் காயினில் 12,000, நவம்பரில் 4,000. ஆனால் 60 லட்சத்துக்கு வாங்கியதில் 4,000 நஷ்டம். இந்திய விதியில் கிரிப்டோ நஷ்டத்தை எதனோடும் ஈடுகட்ட முடியாது. இன்னொரு கிரிப்டோவின் லாபத்தோடுகூட முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே அரசு விளக்கியது. அடுத்த வருடத்துக்கும் கொண்டுபோக முடியாது. வரிப் படிவத்தில் இதற்கென உள்ள பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் வாங்கிய தேதி, விற்ற தேதி, அடக்கம், விற்ற தொகை கேட்கிறார்கள். நஷ்டம் வந்தால் வருமானக் கட்டத்தில் பூஜ்யம் போடச் சொல்கிறார்கள். வாங்கிய தேதி வாரியாக நிரப்பினால் நம் ஆளின் வருமானம் 21,000 ஆகிறது, 17,000 அல்ல. சராசரி என்ற போர்வைக்குள் அந்த 4,000 நஷ்டம் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும். வாங்கிய தேதி என்ற ஒரு கட்டம் இருப்பதாலேயே, ஒவ்வொரு கொள்முதலையும் தனி வரியாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் போதும். முதல் வரியில் தலைப்புகள். A தேதி, B எங்கே வாங்கியது, C கைக்கு வந்த காயின், D கொடுத்த ரூபாய். தேதி வரிசையில் கொள்முதல்களை மட்டும் 2ஆம் வரியிலிருந்து எழுதுங்கள். விற்பனைகளைத் தனித் தாளில் எழுதி, இதுவரை விற்ற மொத்தக் காயினை H1இலும், அதில் கிடைத்த மொத்த ரூபாயை H2இலும், இன்றைய விலையை H3இலும் போடுங்கள். E2இலும் F2இலும் கீழ்க்காணும் இரண்டையும் இட்டு, கொள்முதல் உள்ள வரிவரை கீழே இழுத்துவிடுங்கள்.

```
E2: =MAX(0, MIN(C2, $H$1-SUM(C$1:C1)))
F2: =D2*(C2-E2)/C2
```

E என்பது அந்தக் கொள்முதலிலிருந்து எவ்வளவு விற்றுப் போயிற்று என்பது. தனக்கு மேலே உள்ள கொள்முதல்கள் முழுவதும் தீர்ந்த பிறகும் விற்பனை மிச்சமிருந்தால்தான் ஒரு வரி தன் காயினைக் கொடுக்கும். பழைய மூட்டைத் தத்துவம் அவ்வளவுதான். F, மிச்சத்தின் அடக்கவிலை. பிறகு இரண்டு விடைகள்:

```
H5: =H2-(SUM(D2:D500)-SUM(F2:F500))
H6: =(SUM(C2:C500)-H1)*H3-SUM(F2:F500)
```

H5 கைக்கு வந்த லாபம், H6 வராத லாபம். மேலே சொன்ன நான்கு கொள்முதல்களையும் எழுதி H1இல் 0.006, H2இல் 48000, H3இல் 8000000 போட்டால் 39,000மும் 73,000மும் வர வேண்டும். வராவிட்டால் உங்கள் சொந்தக் கணக்கை ஏற்றுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். H5 காட்டுவது ஆரம்பம் முதல் இன்றுவரை வந்த லாபம். இந்த நிதியாண்டுக்கு மட்டும் வேண்டுமானால், H1, H2இல் கடந்த மார்ச் 31 வரையிலான எண்களைப் போட்டு வரும் விடையை இன்றைய விடையிலிருந்து கழியுங்கள். வரிப் படிவத்துக்கு மட்டும், நஷ்டத்தில் போன வரிகளைத் தனியே பார்க்க வேண்டும். இந்தச் சூத்திரம் அவற்றை லாபத்தோடு கலந்துதான் காட்டும்.

காயின் கட்டங்களுக்கு எட்டு தசம இடங்கள் வையுங்கள். ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷி. எக்செல் இரண்டு தசமம் மட்டும் காட்டினால் 0.006 என்பது 0.01 ஆகத் தெரியும், பார்த்து எடுத்து எழுதுகிறவர் ஏமாறுவார்.

சூத்திரம் சுலபம். அதற்குள் போகும் எண்கள்தான் தொல்லை கொடுப்பவை. பெரும்பாலான பிழைகள் C, D கட்டங்களில்தான் பிறக்கின்றன.

முதலில் கட்டணம். பல வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளில் ஸ்பாட் கொள்முதலுக்கான கட்டணத்தை வாங்கிய காயினிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். 30 லட்சம் விலையில் 12,000 ரூபாய்க்கு 0.004 வாங்கினால், 0.1 சதவீதம் போக 0.003996தான் கணக்கில் ஏறும். C கட்டத்தில் ஆர்டரில் கண்ட 0.004ஐ எழுதிவிட்டால், நூறு கொள்முதலுக்குப் பிறகு தாளில் இருக்கும் காயினுக்கும் கையில் இருக்கும் காயினுக்கும் நடுவில் ஒரு ஓட்டை விழுந்திருக்கும். வந்ததை எழுதுங்கள், கொடுத்ததை எழுதுங்கள். அப்போது கட்டணம் தானாகவே அடக்கத்தில் ஏறிவிடும், ஒரு காயினின் அடக்கம் 30 லட்சத்து 3,003 ரூபாயாகக் காட்டும். தனியாக இன்னொரு முறை கழித்தால் இரட்டிப்பாகும். இந்திய எக்ஸ்சேஞ்சுகள் ரூபாயில் கட்டணம் எடுத்து அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போடும். உங்கள் சொந்த லாபக் கணக்கில் இவையெல்லாம் செலவுதான். வரிக் கணக்கில் விற்கும்போது கொடுத்த கட்டணத்தைக் கழிக்க முடியாது. வாங்கும்போது கொடுத்ததை அடக்கத்தில் சேர்ப்பதா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, ஒரே மாதிரி செய்யுங்கள். கேட்பதற்கு வசதியாகக் கட்டணத்துக்கு ஒரு தனிக் கட்டம் இருக்கட்டும்.

அடுத்தது இடமாற்றம். நெடுநாள் வைத்திருப்பவர்கள் எக்ஸ்சேஞ்சை நம்பாமல் சொந்த வாலட்டுக்குக் காயினை அனுப்புவார்கள். இது விற்பனை அல்ல. அடக்கவிலை காயினோடு கூடவே போகிறது. ஆனால் எக்ஸ்சேஞ்ச் ஆப்புக்கு அது தெரியாது. அனுப்பியதும் அங்கே இருப்பு பூஜ்யமாகும், வராத லாபமும் மறைந்துவிடும். இரண்டு வருடம் கழித்து விற்பதற்காகத் திருப்பி அனுப்பினால் அடக்கவிலை இல்லாத காயினாக வந்து நிற்கும். சில ஆப்கள் அன்றைய சந்தை விலையையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளும். ஒன்று முழுத் தொகையையும் லாபமாகக் காட்டும், மற்றது லாபமே இல்லை என்னும். இரண்டையும் நம்பிப் படிவம் நிரப்பக் கூடாது. உங்கள் தாளில் இடமாற்றத்துக்கு ஒரு வேலையும் இல்லை. நெட்வொர்க் கட்டணமாகப் போன காயினை மட்டும், இன்னும் கொஞ்சமும் விற்காத ஒரு வரியின் C கட்டத்தில் குறைத்துவிட்டு, ஓரத்தில் குறித்து வையுங்கள். 0.0001 போனது என்றால் 80 லட்சம் விலையில் அது 800 ரூபாய். மாதாமாதம் வாங்கிய சிறு துண்டை உடனுக்குடன் வாலட்டுக்கு அனுப்புகிறவர், 0.002க்கு 5 சதவீதத்தை வழியிலேயே இழக்கிறார். சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அனுப்புவது மேல்.

மூன்றாவது, யு.எஸ்.டி.டி. வழியாக வாங்குவது. ரூபாய் கொடுத்து யு.எஸ்.டி.டி. வாங்கி, அதைக் கொடுத்து பிட்காயின் வாங்குகிறவர்கள் நிறையப் பேர். தாங்கள் வாங்கியது மட்டும்தான் அவர்கள் நினைவில் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அவர்கள் யு.எஸ்.டி.டி.யை விற்றிருக்கிறார்கள். 90 ரூபாய்க்கு வாங்கியது கைமாறும் நேரத்தில் 91 ஆக இருந்தால் அந்த ஒரு ரூபாய் கைக்கு வந்த லாபம், 30 சதவீத வரிக்கு உட்பட்டது. 89 ஆக இருந்தால் எங்கும் கழிக்க முடியாத நஷ்டம். பிட்காயினின் அடக்கம், கைமாறிய நேரத்தில் இருந்த ரூபாய் மதிப்பு. ஒவ்வொரு சிறு கொள்முதலும் இப்படி இரண்டு நடவடிக்கைகளாகப் பெருகும், இரண்டுக்கும் தனித்தனித் தாள் வேண்டும். சின்னத் தொகைக்கு வாங்குகிறவர் நேரடியாக ரூபாயில் வாங்கினால் இந்த வேலையில் பாதி குறையும். பிட்காயினை எத்தீரியமாக மாற்றினாலும் இதே கதைதான். வங்கியில் ஒரு ரூபாய்கூட வராமலே லாபம் 'கைக்கு வந்துவிடும்', வரியை மட்டும் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

நேரத்திலும் ஒரு பொறி உண்டு. எக்ஸ்சேஞ்சுகளிலிருந்து இறக்கும் சி.எஸ்.வி. கோப்புகள் பலவற்றில் நேரம் யு.டி.சி.யில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு விற்றது கோப்பில் மார்ச் 31 இரவு 8.30 என்று இருக்கும். அப்படியே எழுதினால் விற்பனை தவறான நிதியாண்டில் போய் விழும்.

வராத லாபத்தைக் கணக்கிட எந்த விலையை எடுப்பது என்று சிலர் குழம்புவார்கள். டாலர் விலையை ரூபாயாக மாற்றி எடுத்தால், இந்திய எக்ஸ்சேஞ்சில் உண்மையில் கிடைக்கும் விலையிலிருந்து அது விலகி நிற்கும். நீங்கள் விற்கப்போகும் இடத்தில் இந்த நிமிடம் வாங்குபவர் தரும் விலையை எடுங்கள். அதிலும் வரி இன்னும் போகவில்லை என்பது நினைவிருக்கட்டும். நம் ஆளின் 73,000 ரூபாயில் 31.2 சதவீதம் அரசுக்குப் போக வேண்டியது. அவருக்கென்று இருப்பது 50,224தான். தாளில் இதற்கு ஒரு வரி சேர்த்துவிட்டால் வீடு கட்ட, பிள்ளை படிக்க என்று போடும் திட்டங்கள் கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

இத்தனையும் செய்ய மூல ஆவணம் வேண்டும். அது எக்ஸ்சேஞ்சில் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலர் அளவுக்குக் கிரிப்டோ களவு போய், வாடிக்கையாளர்கள் காயினை வெளியே எடுப்பது நிறுத்தப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் காயினோடு சேர்ந்து கொள்முதல் வரலாறும் சிக்கிக்கொண்டால், வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த காயினுக்குக்கூட வாங்கிய விலையைக் காட்ட முடியாது. அடக்கவிலையைக் காட்ட முடியாதவருக்கு முழுத் தொகையும் லாபம்தான்.

எனவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலிருந்தும் கோப்பை இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். மார்ச் 31 முடிந்ததும் முதல் வேலையாக ஒன்றைச் செய்யுங்கள். C கட்டத்தின் மொத்தத்திலிருந்து H1ஐக் கழித்து, எக்ஸ்சேஞ்சுகளிலும் வாலட்டிலும் உள்ள காயினைக் கூட்டி வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எட்டாவது தசமம் வரை பொருந்தட்டும். பொருந்தவில்லை என்றால் லாபக் கட்டத்தைப் பார்க்க வேண்டாம். விட்டுப்போன கொள்முதலையோ, மறந்த கட்டணத்தையோ, பதிவாகாத விற்பனையையோ முதலில் தேடிப் பிடியுங்கள்.